சலான் தேதி ஒன்று தப்பானது: டிடிஎஸ் திருத்த அறிக்கையோடு நான் போராடிய நான்கு வாரங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. பிரஸ் பாகங்கள் செய்து கொடுக்கிறோம். என் கணவர் மெஷின் பக்கம், நான் கணக்குப் பக்கம். மாதத்துக்கு நாலைந்து பேருக்குப் பணம் கொடுக்கும்போது அதிலிருந்து அவர்களுடைய வருமான வரிக்காக டிடிஎஸ் பிடித்து, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டி, யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று சொல்லும் 26க்யூ அறிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது என் பொறுப்பு. அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்க பகுதிநேரமாக ஒரு தம்பி வருவார். பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. 2024 டிசம்பரில் அந்த ஓட்டம் நின்றது. பிடித்த வரி ஒரு ரூபாய்கூட மிச்சமில்லாமல், உரிய தேதியிலேயே கட்டியிருந்தோம். அப்படியும் நான்கு பேருடைய வரவில் அது சேரவில்லை. காரணம், அறிக்கையில் வரி கட்டியதற்கான ஒரு சலானின் தேதி தப்பாக ஏறியிருந்தது. அதைச் சரிசெய்யத் தெரியாமல் நான் செய்த வேறு சில தப்புகள்தான் என்னை அதிகம் கஷ்டப்படுத்தின. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டிசம்பர் 9, திங்கட்கிழமை காலை. எங்களுக்கு டை டிசைன் செய்து தரும் இன்ஜினியர் போன் செய்தார். அமைதியான மனிதர், பில் பணம் தாமதமானால்கூடக் கேட்க மாட்டார். "மேடம், 15ஆம் தேதிக்குள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணும். அதுக்காக 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர்ல நீங்க பிடிச்ச 20,000 ரூபாய்க்கு நேரா U-ன்னு இருக்கு. மத்த மாசமெல்லாம் F-னு இருக்கு. என்னன்னு பாருங்களேன்" என்றார். 26ஏஎஸ் என்பது ஒருவர் பெயரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல். எனக்கு அந்த எழுத்துகளின் அர்த்தமே அப்போது தெரியாது. "சரி சார், பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். F என்றால் அறிக்கையில் காட்டிய சலான், அரசுக் கணக்கில் உள்ள வரவோடு பொருந்திவிட்டது, வரி முழுமையாக அவர் பெயரில் சேர்ந்துவிட்டது என்று பொருள். U என்றால் நாம் காட்டிய சலான் அரசுக் கணக்கில் கிடைக்கவில்லை. அந்த நிலையில் அவருக்கு அந்த வரவு சேராது. யாராவது உங்கள் பணத்தில் டிடிஎஸ் பிடிக்கிறார்கள் என்றால், மார்ச் வரை காத்திருக்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஒரு எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு அடுத்த ஜூலையில்தான் தெரிந்திருக்கும்.

அன்று மாலை, டிடிஎஸ்ஸுக்கான வருமான வரித் துறையின் ட்ரேசஸ் தளத்தில் நுழைந்தேன். முதல் பக்கத்திலேயே ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான இரண்டாம் காலாண்டுக்கு நேராக ஒரு தொகை நின்றது. உள்ளே போனால் Short Payment என்று 48,600 ரூபாய், அதற்கு மேல் வட்டி 2,187 ரூபாய். வட்டிக் கணக்கு மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என மூன்று மாதத்துக்கு. செப்டம்பர் 30ஆம் தேதி பிடித்த வரிக்கு அந்த ஒரு நாளும் முழு மாதமாகத்தான் எண்ணப்படும். 200ஏ பிரிவின் கீழ் இதற்கான அறிவிப்பு நவம்பர் மூன்றாம் வாரமே மின்னஞ்சலில் வந்திருக்கிறது. ஆனால் வந்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களைவிட்டுப் போன கணக்காளரின் முகவரிக்கு. தளத்தில் பதிவுசெய்த முகவரியை மாற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த அறிவிப்பு அன்றே என் கைக்கு வந்திருந்தால், இன்ஜினியர் போன் செய்வதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

அன்று இரவு நான் செய்ததுதான் பெரிய தப்பு. திரையில் 'குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள்' என்று இருக்கிறது, நாள் போகப்போக வட்டி ஏறும், நான்கு பேருடைய பணம் நம்மால் தொங்குகிறது என்ற பதற்றத்தில், எதையும் சரிபார்க்காமல் 50,787 ரூபாயை மறுபடி கட்டிவிட்டேன். இரவு 11 மணிக்கு, இணைய வங்கியில். அது அந்த வாரச் சம்பளத்துக்கு வைத்திருந்த பணம். சனிக்கிழமை சம்பளத்துக்காக என் மைத்துனரிடம் 30,000 ரூபாய் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. மாறவும் மாறாது. புதிதாகக் கட்டிய சலானையும் ஒரு திருத்த அறிக்கையில் காட்டினால்தான் அது அந்த நான்கு பேரோடு இணையும். பணம் கட்டுவது ஒரு வேலை, அந்தப் பணம் யாருக்காக என்று சொல்வது வேறு வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை உட்கார்ந்து, வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்தேன். அக்டோபர் 7ஆம் தேதி 48,600 ரூபாய் போயிருக்கிறது. ரசீதும் கோப்பில் இருக்கிறது. அப்படியானால் பணம் எங்கே? ட்ரேசஸில் Challan Status என்று ஒரு பகுதி உண்டு. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கொடுத்தால், வரி பிடிப்பவருக்கான நம் டான் எண்ணில் கட்டப்பட்ட எல்லாச் சலான்களும் வரும். அக்டோபர் மாதத்துக்குப் போட்டேன். 7 அக்டோபர், 48,600 ரூபாய், அதற்கு நேராக Unclaimed. அதாவது பணம் அரசிடம் பத்திரமாக இருக்கிறது, இது எந்தக் கழிவுக்கு, அதாவது யாரிடம் பிடித்த வரிக்கு என்று யாரும் உரிமை கோரவில்லை. ஒரு பக்கம் 48,600 குறைவு, இன்னொரு பக்கம் அதே 48,600 உரிமை கோரப்படாமல். இப்படி ஒரே தொகை இரண்டு இடத்திலும் நின்றால், நீங்கள் வரி கட்டத் தவறவில்லை, அறிக்கையில் சலான் விவரத்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். முந்தைய நாள் இரவு இந்த ஒரு பக்கத்தைத் திறந்திருந்தால் மறுபடி கட்டியிருக்க மாட்டேன். குறைவு என்று அறிவிப்பு வந்தால் முதலில் இதைப் பாருங்கள், அப்புறம்தான் வங்கிப் பக்கம் போக வேண்டும்.

தப்பு எங்கே நடந்தது என்று தேடினோம். சலானை அடையாளம் காட்டுவது மூன்று விவரங்கள் சேர்ந்து: வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், பணம் கட்டிய தேதி, ஐந்து இலக்கச் சலான் வரிசை எண். மூன்றில் ஒன்று மாறினாலும் பொருந்தாது. எங்கள் கணக்கு நோட்டில் 'சலான் தேதி' என்று ஒரே ஒரு பத்தி இருந்தது. செப்டம்பர் வரிக்கான சலானைத் தளத்தில் அக்டோபர் 4, வெள்ளிக்கிழமையே உருவாக்கிவிட்டேன். அன்றே நோட்டில் தேதியும் எழுதிவிட்டேன். ஒரு வாடிக்கையாளரிடமிருந்து காசு வரவேண்டியிருந்ததால், பணம் கட்டியது 7ஆம் தேதி திங்கட்கிழமை. ரசீது வந்ததும் பிஎஸ்ஆர் எண்ணையும் வரிசை எண்ணையும் நோட்டில் ஏற்றினேன். தேதியை மாற்றவில்லை. அந்தத் தம்பி நோட்டைப் பார்த்து அறிக்கையில் 4 என்று அடித்தார். அவர்மேல் தப்பில்லை. முதலில் உருவாக்கும்போது கிடைப்பது சிஆர்என் என்ற எண், அது வெறும் கோரிக்கை. பணம் போன பிறகு வரும் ரசீதில் இருக்கும் தேதிதான் அறிக்கைக்கு வேண்டியது. ஒரே நாளில் உருவாக்கிக் கட்டும் மாதங்களில் இரண்டும் ஒன்றாக இருப்பதால், இத்தனை வருடம் எங்களுக்கு இது தெரியவே இல்லை.

இதில் இன்னொன்றும் மனதை உறுத்தியது. அறிக்கையைப் பதிவேற்றும் முன் எஃப்வியு என்ற மென்பொருளில் சரிபார்ப்போம். நம் சலான்களின் பட்டியல் கோப்பை அரசுத் தளத்திலிருந்து இறக்கி அதோடு சேர்த்துக் கொடுத்தால், பொருந்தாத சலானை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அதைப் பிழையாகச் சொல்லி நிறுத்தவில்லை, எச்சரிக்கையாகத் தனிக் கோப்பில் எழுதிவிட்டு அறிக்கையைத் தயாரித்துக் கொடுத்துவிட்டது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. அறிக்கைக்குக் கடைசி நாளும் அதே நாள். 29ஆம் தேதி இரவு, போனஸ் கணக்கு ஒரு பக்கம் ஓட, 'கோப்பு தயாராகிவிட்டது' என்றதும் பதிவேற்றிவிட்டோம். டிசம்பரில் அந்தக் கணினியில் போய்ப் பார்த்தால், அதே கோப்புறையில், அதே இரவு 9:40க்கு உருவான எச்சரிக்கைக் கோப்பு திறக்கப்படாமலே இருந்தது. மூன்று சலானில் மூன்றாவது பொருந்தவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அன்று திறந்து படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

சரி, திருத்தத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு வேறுபாடு தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுடையது சலான் சரி, அறிக்கை தப்பு. இதை நாமே திருத்த அறிக்கை மூலம் சரிசெய்யலாம், யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சலானே தப்பாக இருந்தால், உதாரணமாக வேறு டான் எண்ணில் பணம் போயிருந்தால், அறிக்கையை எத்தனை தடவை திருத்தினாலும் பொருந்தாது. அது டிடிஎஸ் மதிப்பீட்டு அதிகாரி வரை போகவேண்டிய விஷயம். எனக்கு இந்த வேறுபாடு தெரியாமல், நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகத்துக்குப் போக ஆட்டோ பிடிக்கும் நிலைவரை வந்துவிட்டேன். எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பெண்மணி போனில் சொன்ன ஒரு வரிதான் காப்பாற்றியது: "அக்கா, ரசீதுல எல்லாம் சரியா இருந்தா நீங்க எங்கேயும் போக வேண்டாம்."

திருத்த இரண்டு வழி உண்டு. ட்ரேசஸிலிருந்து ஒருங்கிணைந்த கோப்பை வாங்கி, மென்பொருளில் திறந்து திருத்தி, மறுபடி சரிபார்த்துப் பதிவேற்றுவது ஒன்று. பல திருத்தங்கள் இருந்தால் அது நல்லது. ஒரு தேதி மட்டும்தான் என்றால் ட்ரேசஸ் தளத்துக்குள்ளேயே நேரடியாகத் திருத்தலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். Request for Correction பகுதியில் நிதியாண்டு, காலாண்டு, படிவம், கடைசியாக ஏற்கப்பட்ட அறிக்கையின் 15 இலக்க டோக்கன் எண் ஆகியவற்றைக் கொடுத்துக் கோரிக்கை வைக்க வேண்டும். அது Available என்ற நிலைக்கு வந்த பிறகு அதைத் திறந்து உள்ளே போக வேண்டும்.

அதற்கு நடுவில் நாம் யார் என்று உறுதிசெய்யும் ஒரு திரை வரும். அந்த அறிக்கையில் உள்ள ஒரு சலானின் விவரமும், அந்தச் சலானில் வரும் மூன்று பேரின் பான் எண்ணும், அவர்களுக்குப் பிடித்த வரியும் கேட்கும். இங்கே ஒரு மாலை முழுவதும் போய்விட்டது. நான் ரசீதைப் பார்த்து 7 அக்டோபர் என்று சரியான தேதியைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அது மறுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் திரை கேட்பது அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை. தப்பாக எழுதியிருந்தால் தப்பையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதே அறிக்கையில் உள்ள வேறு சரியான சலானைக் கொடுக்கலாம். நான் ஜூலை மாதத்துச் சலானைக் கொடுத்தேன், திறந்துகொண்டது. தொகையை எழுதும்போது பிடித்த வரியை எழுத வேண்டும், பில் தொகையை எழுதக்கூடாது, பைசாவுக்கு இரண்டு பூஜ்யமும் சேர்த்து.

```
20000.00
```

உள்ளே போனதும் சலான் திருத்தம் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், பொருந்தாத சலான் தனியாக நிற்கும். அதில் தேதியை 7 என்று மாற்றினேன். பிஎஸ்ஆர் எண், வரிசை எண், தொகை எல்லாவற்றையும் ரசீதோடு விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். சமர்ப்பித்தேன். அன்று டிசம்பர் 12. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்பது நாள் கழித்து, 21ஆம் தேதி, ஏன் இன்னும் ஒன்றும் மாறவில்லை என்று நிலையைப் பார்த்தேன். Submitted to Admin User என்று இருந்தது. எங்கள் தம்பிக்காக முன்பு உருவாக்கியிருந்த துணைப் பயனர் கணக்கில்தான் நானும் நுழைந்து வேலைசெய்திருக்கிறேன். துணைப் பயனர் சமர்ப்பிப்பது வருமான வரித் துறைக்குப் போகாது, முதன்மைப் பயனரின் ஒப்புதலுக்காக நம் தளத்துக்குள்ளேயே காத்திருக்கும். முதன்மைப் பயனரும் நான்தான். அந்தக் கணக்கில் நுழைந்து, சரிபார்த்து, அனுப்ப ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு Submitted to ITD என்று மாறியது, புதிய டோக்கன் எண்ணும் வந்தது. டோக்கன் எண் கையில் வரும்வரை திருத்தம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு வாரத்தில் Processed என்று வந்தது. ஜனவரி முதல் வாரம் நான்கு பேரின் 26ஏஎஸ்ஸிலும் F வந்துவிட்டது. 48,600 ரூபாய்க் குறைவும் 2,187 ரூபாய் வட்டியும் தானாகவே பூஜ்யம் ஆயின, ஏனென்றால் பணம் உண்மையில் 7ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருந்தது. முதல் அறிக்கையை நேரத்துக்குள் போட்டிருந்ததால், தாமதத்துக்கான நாளொன்றுக்கு 200 ரூபாய்க் கட்டணமும் திருத்தத்துக்கு விழவில்லை.

மறுபடி கட்டிய 50,787 ரூபாய் என்ன ஆயிற்று என்றால், அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்காமல் அடுத்த காலாண்டில் பயன்படுத்திக்கொண்டேன். டிசம்பர் மாதம் நாங்கள் பிடித்த வரி 46,200 ரூபாய். ஜனவரி 7ஆம் தேதிக்குப் புதிதாகக் கட்டாமல், மூன்றாம் காலாண்டு அறிக்கையில் டிசம்பர் கழிவுகளுக்கு இந்தச் சலானையே காட்டினேன். மிச்சம் 4,587 ரூபாயை ஜனவரி மாதக் கழிவுக்கு எடுத்துக்கொண்டேன். அதே டான் எண்ணில், அதே நிதியாண்டில் கட்டிய சலானில் மீதி இருந்தால் இப்படிச் செய்யலாம். ஒரு சலானில் எவ்வளவு மீதி என்பது அதே Challan Status பகுதியில் தெரியும். பணம் போகவில்லை, நான்கு வாரம் முடங்கியது. சின்னப் பட்டறைக்கு அது சின்ன விஷயமில்லை.

இதுவரை சொன்னது தளத்தில் செய்த வேலை. என்னை இன்றும் வருத்துவது இன்னொன்று. அந்த இன்ஜினியருக்கு 9ஆம் தேதி "பார்த்துச் சொல்றேன்" என்றேன். மறுநாளே காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் முழுதாகச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம், பாதியில் சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று இருந்துவிட்டேன். அவர் 14ஆம் தேதி வரை காத்திருந்து, என்னிடமிருந்து பதில் வராததால், அந்த 20,000 ரூபாய் வரவே வராது என்று வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் டாக்ஸில் அந்தத் தொகையையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அட்வான்ஸ் டாக்ஸ் கணக்கில், பிடிக்கப்படும் வரியைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கட்ட வேண்டும். 26ஏஎஸ்ஸில் அந்த வாரம் தெரியவில்லை என்பதற்காக மறுபடி கட்டத் தேவையில்லை. வரி இன்ன தேதியில் கட்டப்பட்டுவிட்டது, தப்பு எங்கள் அறிக்கையில்தான் என்று 10ஆம் தேதி நான் நாலு வரி எழுதியிருந்தால் அவர் பணம் முடங்கியிருக்காது. என்னுடைய கூச்சத்துக்கு அவர் விலை கொடுத்தார். ஜனவரியில் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால், சலான் பொருந்தவில்லை என்று தெரிந்த அன்றே, திருத்தம் முடிய எத்தனை நாள் ஆனாலும், வரி பிடிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். போனில் சொன்னால் போதாது, அவர்கள் அதைத் தங்கள் ஆடிட்டரிடம் காட்ட வேண்டும். நான் பின்னால் அனுப்பிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "உங்களுக்குச் செப்டம்பர் 2024இல் கொடுத்த தொகையில் நாங்கள் பிடித்த வரி இவ்வளவு. அது 7-10-2024 அன்று அரசுக்குக் கட்டப்பட்டுவிட்டது, ரசீது இணைத்துள்ளோம். எங்கள் காலாண்டு அறிக்கையில் சலான் தேதி தவறாகப் பதிவானதால் உங்கள் 26ஏஎஸ்ஸில் U என்று தெரிகிறது. உங்கள் பக்கம் தவறு எதுவும் இல்லை. இந்தத் தொகையை நீங்கள் மறுபடி கட்ட வேண்டாம். திருத்த அறிக்கை இன்ன தேதியில் அனுப்பப்பட்டது, அதன் டோக்கன் எண் இது. F என்று மாறியதும் தெரிவிப்போம், அப்போது 16ஏ சான்றிதழையும் அனுப்புவோம்." ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகை மட்டும் இருக்க வேண்டும். ரசீதில் மொத்தத் தொகை 48,600 என்று இருப்பதால், அதில் இவர் பங்கு எவ்வளவு என்று கடிதத்தில் சொல்லாவிட்டால் குழப்பம் வரும். பவுடர் கோட்டிங் செய்யும் நிறுவனம், கடிதம் போகும் முன்பு, "எங்க 13,000 ரூபாயை நீங்களே கொடுத்துடுங்க, இல்லேன்னா அடுத்த பில்லில் சேர்த்துடுவோம்" என்று கறாராக எழுதியிருந்தது. ரசீதையும் டோக்கன் எண்ணையும் பார்த்த பிறகு விட்டுவிட்டார்கள். பட்டறை இடத்தின் உரிமையாளருக்கு வாடகையில் பிடித்த 12,000 ரூபாய். அவர் மகன் கடிதத்தை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு, சரி என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

வரி பிடித்ததற்கு நாம் கொடுக்கும் 16ஏ சான்றிதழ் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் காலாண்டுக்கு அதை நவம்பர் 15ஆம் தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். தீபாவளிக்குப் பிந்தைய வேலையில் நாங்கள் இறக்கவே இல்லை. இறக்கப் போயிருந்தால் அப்போதே விஷயம் தெரிந்திருக்கும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய்வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, உச்சம் அந்த வரித் தொகை அளவு. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. திருத்தம் முடிந்த பிறகு ட்ரேசஸிலிருந்தே இறக்கி, சலான் விவரத்தின் கடைசிப் பத்தியில் F இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினேன். ஏற்கெனவே தப்பான சலானோடு ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள் என்றால், புதியதை அனுப்பும்போது பழையதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதிச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் விஷயம் டிசம்பரிலேயே தெரிந்ததால், நான்கு பேரும் கணக்குத் தாக்கல் செய்ய நாள் நிறைய இருந்தது. உங்களிடம் வரி பிடிக்கப்பட்டவர் ஏற்கெனவே தாக்கல் செய்து, வரவு பொருந்தவில்லை என்று அவருக்கு 143(1) அறிவிப்பு வந்திருந்தால், திருத்தம் முடிந்து F வந்த பிறகு அவர் வருமான வரித் தளத்தில் திருத்தக் கோரிக்கை வைக்க வேண்டும். அதில் Tax credit mismatch correction என்ற வகை இருக்கிறது. F வருவதற்கு முன் வைத்தால் அதே பதில்தான் வரும். அதனால்தான் F வந்த தேதியை அவரிடம் சொல்வதும் நம் வேலை ஆகிறது. இன்னொன்று, நான் சொன்னது 2024-25ஆம் ஆண்டுக் கதை, பழைய 1961 சட்டத்தின் படிவ எண்களோடு. 2025 ஏப்ரல் முதல் திருத்த அறிக்கைக்கு ஆறு ஆண்டு என்று ஒரு வரம்பு வந்தது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது. பழைய காலாண்டுகளில் U இருந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது.

நான்காவது ஆள் எங்களுக்கு லேத் வேலை செய்து தரும் அண்ணன். எஸ்டேட்டிலேயே ஒரு ஷெட்டில், தனி ஆளாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார். அவருக்குப் பிடித்தது 3,600 ரூபாய். கடிதம் அனுப்பியும் பதில் இல்லை என்று நேரில் போனேன். கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டுக் கடிதத்தை ஓரத்தில் பிடித்து வாங்கினார். படித்துவிட்டு, "இது ரீஃபண்டா வர்ற காசுதானே அக்கா, வரும்ல?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை. பிடித்தது முழுவதும் திரும்ப வரவேண்டிய பணம், அதை நம்பித்தான் வருடாவருடம் பையனுக்குப் பள்ளிப் பணம் கட்டுகிறார். அவர் போனிலேயே 26ஏஎஸ் திறப்பது எப்படி, அந்த எழுத்து எந்த ஓரத்தில் இருக்கும் என்று காட்டிக்கொடுத்தேன். எங்கள் நோட்டில் இப்போது 'உருவாக்கிய தேதி', 'ரசீதில் உள்ள தேதி' என்று இரண்டு பத்தி இருக்கிறது. ஒவ்வொரு காலாண்டு அறிக்கை போன பத்து நாளில் அந்த அண்ணனிடமிருந்து ஒரு போன் வரும்: "அக்கா, F வந்துடுச்சு, பார்த்துட்டேன்."